நீலத் திரை கேட்கும் 48 எண்கள்: தப்பு பூட்டு மேல இல்ல

பயாஸ் அப்டேட் போட்ட மறுநாளோ, மதர்போர்டு மாத்தி லேப்டாப்பை வாங்கிட்டு வந்த அன்னிக்கோ, ஆன் பண்ணினா விண்டோஸ் வராது. நீலத் திரை ஒண்ணு வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். ஹாஸ்டல்ல இதுக்கு உடனே தீர்ப்பு சொல்லிடுவாங்க: ஒண்ணு வைரஸ், இல்லேன்னா ஹார்ட் டிஸ்க் காலி. கூடவே ஓர் இலவச அறிவுரையும் வரும்: "வாங்கின அன்னிக்கே பிட்லாக்கரை ஆஃப் பண்ணியிருக்கணும் மச்சி."

ரெண்டு தீர்ப்பும் தப்பு. அந்த அறிவுரை அதைவிடத் தப்பு. அந்தத் திரை வந்துச்சுன்னா, பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்யுதுன்னு அர்த்தம். உண்மையான கோளாறு வேற இடத்துல இருக்கு. பூட்டு போட்டிருக்குன்னு உங்களுக்கு யாரும் சொல்லல. சாவி யார் கணக்குல இருக்குன்னும் உங்களுக்குத் தெரியாது.

முதல்ல பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். டிஸ்க்ல இருக்கிற எல்லாமே ஒரு சாவியால என்கிரிப்ட் ஆகியிருக்கு. அந்தச் சாவி ரெண்டு பெட்டியில தனித்தனியாப் பூட்டி வெச்சிருக்குன்னு நினைச்சுக்கோங்க. ஒரு பெட்டியைத் திறக்கிறது லேப்டாப்புக்குள்ள இருக்கிற டி.பி.எம். சிப். இன்னொண்ணைத் திறக்கிறது அந்த 48 எண்கள். தினமும் நீங்க எதுவும் டைப் பண்ணாமலே விண்டோஸ் வருதே, அப்போ முதல் பெட்டியை டி.பி.எம். சத்தமில்லாமத் திறந்து கொடுக்குது. அதனாலதான் பூட்டு இருக்கிறதே நமக்குத் தெரியல.

ஆனா டி.பி.எம். சும்மா திறந்துடாது. அதுக்குள்ள பி.சி.ஆர். என்கிற சில ரெஜிஸ்டர்கள் இருக்கு. பவர் ஆன் ஆகும்போது இவை ஆரம்ப நிலைக்குப் போயிடும். அப்புறம் பூட் ஆகிற ஒவ்வொரு கட்டத்திலும், அடுத்து ஓடப்போறது என்ன, செட்டிங் என்ன என்பதோட ஹாஷ் இங்கே வந்து சேரும். பழைய மதிப்பையும் புது அளவையும் ஒட்டி, மறுபடி ஹாஷ் பண்ணி, அதே ரெஜிஸ்டர்ல வைக்கும். நேரா ஒரு மதிப்பை யாரும் எழுத முடியாது. நடுவுல ஒரு சின்ன விஷயம் மாறினாலும் கடைசி மதிப்பு முழுசா வேறயாயிடும். பூட்டுப் போட்ட அன்னிக்கு இருந்த மதிப்பும் இன்னிக்கு வந்த மதிப்பும் ஒத்துப்போனாத்தான் பெட்டி திறக்கும்.

அந்தச் சிப்புக்கு உங்க முகம் தெரியாது. மதர்போர்டை மாத்தினது நீங்களா திருடனான்னு கண்டுபிடிக்க அதுக்கு வழியே இல்ல. "நான் பார்த்த மெஷின் இது இல்ல"ன்னு மட்டும்தான் அதுக்குச் சொல்லத் தெரியும். அதைத்தான் அந்த நீலத் திரை சொல்லுது.

நம்ம பசங்க அடிக்கடி மாட்டுற ஒரு கேஸை எடுத்துப்போம். ஓ.எஸ். லேபுக்காக உபுண்டு போடணும். ஏதோ பழைய வீடியோ பார்த்து, பயாஸுக்குள்ள போய் செக்யூர் பூட்டை ஆஃப் பண்றீங்க. விண்டோஸ் 11 லேப்டாப்கள்ல பிட்லாக்கர் வழக்கமாப் பார்க்கிறது 7, 11 என்கிற ரெண்டு பி.சி.ஆர்.களை. இதுல 7-வது ரெஜிஸ்டர்தான் செக்யூர் பூட் ஆன்ல இருக்கா, எந்தச் சாவிகளை நம்புது என்பதைப் பதிவு பண்றது. அதனால ஆஃப் பண்ணிய மறுநொடி அந்த மதிப்பு மாறிடும். அடுத்த பூட்ல நீலத் திரை.

இங்கே பலர் பதறிப்போய் ரீசெட் பட்டனைத் தேடுவாங்க. அது கோப்புகளுக்கே ஆபத்து. செய்ய வேண்டியது ஒண்ணுதான்: பயாஸுக்குத் திரும்பிப் போய் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் பண்ணுங்க. அளவு பழையபடி ஒத்துப்போகும், கீ எதுவும் கேட்காம விண்டோஸ் வந்துடும். உபுண்டு போட்ட பிறகு, அதோட குரப் மெனு வழியா விண்டோஸைத் திறந்தாலும் இதே திரை வரலாம். ஏன்னா நடுவுல புதுசா ஓர் ஆள் வந்துட்டார், அவரும் 7-வது ரெஜிஸ்டர்ல பதிவாகிறார். பயாஸோட பூட் மெனுவுல விண்டோஸை நேராத் தேர்ந்தெடுத்தா பிரச்சினை இல்ல.

ஆக, திரை வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கடைசியா என்ன மாத்தினேன்?" அதைத் திருப்ப முடியும்னா, திருப்பிப் பாருங்க.

பயாஸ் அப்டேட் கொஞ்சம் வேற மாதிரி. 7, 11 மட்டும் பார்க்கிற மெஷின்ல, ஃபர்ம்வேர் கோடு மாறினதுக்காக மட்டும் கீ கேட்கக் கூடாது. கேட்குதுன்னா, பெரும்பாலும் அப்டேட்டோட சேர்ந்து செக்யூர் பூட் செட்டிங்கோ அதோட சாவிப் பட்டியலோ மாறியிருக்கும், இல்லேன்னா டி.பி.எம். அழிஞ்சிருக்கும். சில லேப்டாப்கள்ல செக்யூர் பூட்டை வெச்சு சரிபார்க்க முடியாததால, பிட்லாக்கர் 0, 2, 4, 11-ஐப் பார்க்கும். 0-வது ரெஜிஸ்டர்ல பயாஸ் கோடே பதிவாகிறதால, அங்கே எந்த அப்டேட்டும் கீ கேட்க வைக்கும். உங்களுது எந்த வகைன்னு தெரிஞ்சுக்க, டெர்மினலை அட்மினாத் திறந்து இதை அடிங்க:

```
manage-bde -protectors -get C:
```

`PCR Validation Profile` என்கிற வரிக்குக் கீழே அந்த எண்கள் இருக்கும். அதே இடத்துல, `Numerical Password` என்பதுக்குக் கீழே 48 இலக்கக் கீயும் இருக்கும். விண்டோஸ் ஒழுங்கா ஓடுற இன்னிக்கே பார்த்து எழுதி வெச்சுக்கலாம்.

பென் டிரைவ்ல போட்டு பயாஸுக்குள்ள இருந்தே அப்டேட் பண்றதா இருந்தா, அதுக்கு முன்னாடி பூட்டைத் தற்காலிகமா நிறுத்தி வைங்க:

```
manage-bde -protectors -disable C: -RebootCount 0
```

இது டிஸ்க்கை டீகிரிப்ட் பண்ணாது. சாவியை மட்டும் வெளியே, பூட்டாம வைக்கும். கடைசியில இருக்கிற 0-க்கு அர்த்தம், நீங்க சொல்ற வரைக்கும் அப்படியே இருக்கும் என்பது. அப்டேட் முடிஞ்சு விண்டோஸ் வந்ததும் `manage-bde -protectors -enable C:` அடிச்சா, புது அளவுகளோட சாவி மறுபடி பூட்டப்படும். இந்த ரெண்டாவது கமாண்டை மறந்தா, பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மதர்போர்டு மாத்தினா கதையே வேற. அங்கே திருப்பிப் போட எதுவும் இல்ல. பழைய டி.பி.எம். பழைய போர்டோடயே போயிடுச்சு, முதல் பெட்டியும் அதோட போச்சு. மிச்சம் இருக்கிறது 48 எண்கள் மட்டும்தான். அதனால லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கீ உங்க நோட்டுல இருக்கணும். "பூட்டை நிறுத்திட்டுக் கொடுங்க"ன்னு சிலர் சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். நிறுத்தின டிஸ்க்கை கவுண்டர்ல யார் வேணாலும் படிக்கலாம். பூட்டியபடியே கொடுங்க, "ஃபார்மேட் பண்ண வேண்டாம்"னு ஜாப் ஷீட்ல எழுதச் சொல்லுங்க, திரும்ப வாங்கும்போது கீயை நீங்களே டைப் பண்ணுங்க. ஆறாறு இலக்கமா எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாம வகுபடும், அதனால எங்கே தப்பா அடிச்சீங்கன்னு திரையே கண்டுபிடிச்சிடும். உள்ளே போனதும், அடுத்த தடவையும் கீ கேட்டா, மேலே சொன்ன ரெண்டு கமாண்டையும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா அடிச்சா புது சிப்போட பழகிடும்.

இப்போ என் கோபத்துக்கு வர்றேன். புது விண்டோஸ் லேப்டாப்ல, அட்மின் அக்கவுண்ட் மைக்ரோசாஃப்ட் கணக்கா இருந்தா, என்கிரிப்ஷன் தானா ஆன் ஆகும், கீ அந்தக் கணக்குக்கு ஏறிடும். லோக்கல் அக்கவுண்ட் மட்டும் இருந்தா, இந்தத் தானியங்கிப் பூட்டு முழுசா விழாது. இது நல்ல ஏற்பாடுதான், கீ எங்கேயோ இருக்கிறது உறுதி. ஆனா யார் கணக்குல? கடைக்காரத் தம்பி "நானே செட் பண்ணித் தர்றேன் சார்"னு அவசரத்துல உருவாக்கின அவுட்லுக் ஐடியிலயா? அண்ணன் கணக்குலயா? காலேஜ் மெயில்ல லாகின் பண்ணியிருந்தா, படிப்பு முடிஞ்சதும் மூடப்போற கணக்குலயா? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முழுக்க அந்த ஒரு கேள்வியில தொங்குது. கீ கிடைக்கலேன்னா சர்வீஸ் சென்டராலயும் முடியாது, மைக்ரோசாஃப்டாலயும் முடியாது.

பூட்டு விழுற நேரத்துல, "இதான் உங்க சாவி, எழுதி வெச்சுக்கோங்க"ன்னு ஒரே ஒரு திரை காட்ட என்ன செலவு? மதர்போர்டு மாத்துற இடத்துல, "கீ இருக்கா?"ன்னு முதல்லயே கேட்க என்ன செலவு? அவங்க பக்கமும் சறுக்கல் இருக்கு: 2024 ஜூலையில வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, எதையும் மாத்தாத சில மெஷின்களும் கீ கேட்டுச்சு. மைக்ரோசாஃப்ட் அதை ஒத்துக்கிட்டு அடுத்த மாசம் சரி பண்ணுச்சு.

அப்போ ஆஃப் பண்ணிடலாமா? வேண்டாம். லாகின் பாஸ்வேர்டு டிஸ்க்கைக் காக்காது. பூட்டு இல்லாத எஸ்.எஸ்.டி.யைக் கழட்டி யு.எஸ்.பி. கேஸ்ல போட்டா, உங்க ஆதார் ஸ்கேன், போட்டோ, பிரவுசர் ஃபைல்னு எல்லாம் அடுத்தவன் திரையில. பஸ்ல பேக் தொலைஞ்சா அதைத் தடுக்கிறது இந்தப் பூட்டு ஒண்ணுதான். ஆனா பேக்கப் வேற, பூட்டு வேற. எஸ்.எஸ்.டி.யே செத்துப்போனா 48 எண்களால ஒரு பிரயோஜனமும் இல்ல.

இன்னிக்கு ராத்திரி aka.ms/myrecoverykey போய்ப் பாருங்க. காலேஜ் மெயில்னா aka.ms/aadrecoverykey. அங்கே பல கீ இருந்தா, கீ ஐடியோட முதல் எட்டு எழுத்தை வெச்சு உங்களுது எதுன்னு கண்டுபிடிங்க. மேலே சொன்ன கமாண்ட் காட்டுற ஐடியும் அதுவும் ஒண்ணா இருக்கணும். இருந்தா, ஒரு தாள்ல எழுதி சர்டிஃபிகேட் ஃபைலுக்குள்ள வைங்க. லேப்டாப் பேக்குக்குள்ள வைக்காதீங்க.