யார்கிட்ட சொல்றது?

நல்லம்பள்ளி ஸ்டாப்பில் காலேஜ் பஸ்ஸுக்கு நிக்கும்போதுதான் அவன் சொன்னான். ஆறாவது படிக்கும்போது, ஒரு கோடை லீவுல, சொந்தக்காரர் ஒருத்தர். ஒன்பது வருஷமா வீட்டுல யாருக்கும் தெரியாது. "யார்கிட்டயும் சொல்லிடாதடா"ன்னான். நானும் சத்தியம் பண்ணிட்டேன். (அடையாளங்களை மாற்றி, அவன் படித்துச் சரி சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.)

நான் பண்ண முதல் தப்பு அந்தச் சத்தியம். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-இல் அமலுக்கு வந்தது. இப்போ நம்ம கூடப் படிக்கிற 20 வயசுக்காரங்க ஆறாவது படிச்சது அதுக்கப்புறம்தான். பையனுக்கு நடந்தாலும் அதே சட்டம்தான். அதன் 19-ஆம் பிரிவுப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்ததுன்னு தெரிஞ்சவங்க போலீசுக்குச் சொல்லணும். மறைச்சா ஆறு மாசம் வரை சிறை, அல்லது அபராதம். அதனால, நீங்க ஃப்ரெண்டுகிட்டயோ வார்டன்கிட்டயோ மனசைத் திறக்கும்போது அவங்க கையிலயும் ஒரு கடமையைக் கொடுக்கிறீங்க. மனபாரத்தை இறக்கணுமா, புகார் கொடுக்கணுமா என்று இன்னும் தெளிவில்லை என்றால், முதலில் 14416-க்குப் பேசுங்க. டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

"இவ்வளவு நாள் கழிச்சு சொன்னா எவன் கேப்பான்?" இது அவனோட அடுத்த கேள்வி. பூர்ணிமா கோவிந்தராஜுலுவும் இதே சுவரில்தான் முட்டினார். கனடாவில் வாழும் விஞ்ஞானி. சென்னையில் ஆறு வயதில் தொடங்கிய கொடுமையைப் பல பத்தாண்டுகள் கழித்துப் புகார் செய்யப் போனபோது, காலம் கடந்துவிட்டது என்றார்கள். அவர் விடவில்லை, மத்திய அமைச்சர் வரை போனார். போக்சோவில் புகார் கொடுக்கக் காலவரம்பு கிடையாது என்று 2018 அக்டோபரில் சட்ட அமைச்சகம் தெளிவுபடுத்தியது. சாட்சியும் தடயமும் தேய்ந்திருக்கும், அது உண்மை. ஆனா கதவு மூடலை.

வீட்டுல யாருக்கு முதல்ல? அம்மாவுக்குன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா அந்த ஆள் அம்மா வழிச் சொந்தம். அவங்க வாயில "ஏன் அப்பவே சொல்லல?"ன்னு வந்துட்டா, இவன் மறுபடி ஒன்பது வருஷம் பேச மாட்டான். அந்த ஆளோடு பந்தபாசம் குறைவா இருக்கிற ஒருத்தர்தான் முதல் ஆளா இருக்கணும்னு எனக்குத் தோணுது. அவனுக்கு அது கல்யாணமாகிப் போன அக்கா.

'எப்போ' என்பதை முடிவு பண்ணது நாங்க இல்லை. அந்த ஆள் வீட்டுல இப்போ ரெண்டாவது படிக்கிற ஒரு பையன் இருக்கான். போன வாரம் ஒரு விசேஷத்துல அவனைப் பார்த்துட்டு வந்த இவன், அன்னிக்கு ராத்திரியே அக்காவுக்கு போன் பண்ணான். அக்கா கொஞ்ச நேரம் அழுதுட்டு, "நான் வரேன்டா"ன்னு மட்டும் சொன்னாங்களாம்.

திங்கட்கிழமை மூணு பேரும் தர்மபுரி மகளிர் காவல் நிலையம் போறோம்.