5000 தடவை குலுக்கினாலும் 12 கிராமம் 12 கிராமம்தான்

சமூக அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் இப்போது சுப்ரபாதம் மாதிரி ஆகிவிட்டது. "5000 பூட்ஸ்ட்ராப் மாதிரிகளின் அடிப்படையில் மறைமுக விளைவின் 95% நம்பிக்கை இடைவெளியில் பூஜ்யம் இல்லை. எனவே முழு மீடியேஷன் நிரூபணமாகிறது." அவ்வளவுதான். அடுத்த பத்தி 'கொள்கைப் பரிந்துரைகள்'. எழுதியவரும் படித்தவரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்த வாக்கியம் சொல்லவேண்டிய எதையும் சொல்வதில்லை என்பது என் கட்சி. தஞ்சாவூர் பக்கத்து உதாரணத்தை வைத்தே சண்டை போடுகிறேன்.

ஒற்றை நாற்று நடவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருந்திய நெல் சாகுபடி என்பார்கள். பெரிய கோயிலுக்கு 1000 ஆண்டு நிறைந்த 2010-ல் தமிழக அரசு இதற்கு 'ராஜராஜன் 1000' என்று பெயர் வைத்தது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 செ.மீ. சதுர நடவு, கோனோவீடர், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர். இப்போது ஒரு கேள்வி: பயிற்சி கொடுத்தால் விவசாயி இதைக் கடைப்பிடிப்பது கூடுகிறதா, கூடினால் அது அறிவு வளர்ந்ததால்தானா? 'பயிற்சி → அறிவு → கடைப்பிடிப்பு'. மீடியேஷனுக்கென்றே பிறந்த கேள்வி.

கணக்குக்காக நானே கற்பனையாக ஒரு ஆய்வு செய்கிறேன் (எண்கள் எல்லாம் என் சொந்தச் சரக்கு, யாருடைய தரவும் அல்ல). 12 கிராமம், கிராமத்துக்கு 20 விவசாயி, ஆக 240 பேர். சீட்டுப் போட்டு 6 கிராமங்களுக்குப் பயிற்சி. பயிற்சி அறிவு மதிப்பெண்ணைப் பத்துக்கு 1 கூட்டுகிறது; இது a = 1.0, திட்டப்பிழை 0.25. பயிற்சி பெற்றாரா என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு மதிப்பெண் கூடும்போது கடைப்பிடிக்கும் நடைமுறை சராசரியாக 0.30 கூடுகிறது; இது b, திட்டப்பிழை 0.08. மறைமுக விளைவு a × b = 0.30.

பெருக்கல் தொகையின் பரவல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதனால்தான் சமச்சீர் மணி வடிவத்தை நம்பும் பழைய சோபெல் சோதனையை (1982) விட்டுவிட்டு பூட்ஸ்ட்ராப்புக்கு வந்தார்கள். வேலை குடவோலை மாதிரிதான். 240 பேரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டு, 240 தடவை எடு. அந்தக் கூட்டத்தில் a × b கணக்கிடு. இதையே 5000 முறை செய். வரிசைப்படுத்தி இரு முனையிலும் 2.5% வெட்டினால் இடைவெளி கிடைக்கும். நம் உதாரணத்தில் சுமாராக 0.11 முதல் 0.55. பூஜ்யம் இல்லை. கட்டுரை ரெடி!

நில்லுங்கள். குடத்தில் யார் ஓலையைப் போட்டோம்?

240 பேரும் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள் என்று நினைத்துப் போட்டோம். ஒரே கிராமத்து 20 பேருக்கு ஒரே வாய்க்கால், ஒரே முறைப் பாசனம், ஒரே வேளாண் உதவி அலுவலர், ஒரே டீக்கடை. ஒருவர் வயலைப் பார்த்துத்தான் அடுத்தவர் நடுகிறார். அவர்கள் 20 தனித்தனிச் சாட்சிகள் அல்ல. அறிவு மதிப்பெண்ணில் உள்ள வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு கிராமத்துக்குக் கிராமம் உள்ள வேறுபாடு என்று வையுங்கள். கொத்து மாதிரிக்கான திருத்தம் 1 + (20 − 1) × 0.2 = 4.8. அதாவது பயிற்சியின் விளைவைப் பொறுத்தவரை நம் 240 பேர் 50 பேருக்குச் சமம். a-வின் திட்டப்பிழை 0.25-லிருந்து 0.55 ஆகிறது. b-யைத் தொடாமல் தாராளமாக விட்டுவிட்டாலும் மறைமுக விளைவின் இடைவெளி சுமாராக −0.02 முதல் 0.72. பூஜ்யம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

அதே தரவு, அதே 0.30. மாறியது குடத்தில் போட்ட ஓலை மட்டும். கிராமப் பெயர்களை ஓலையில் எழுதி, பயிற்சி பெற்ற ஆறிலிருந்து ஆறும் பெறாத ஆறிலிருந்து ஆறும் எடுத்திருக்க வேண்டும். அப்போதும் ஆறாறு கிராமம் குறைவுதான். இடைவெளி உண்மையைவிடக் குறுகலாகவே வரும். 5000-ஐ 50,000 ஆக்கினால் கணினிக் குலுக்கலின் சத்தம் குறையும். கிராமம் ஒன்றுகூடக் கூடாது. ஆனால் 'பூட்ஸ்ட்ராப் செய்தோம்' என்று மட்டும் எழுதினால், எதைக் குலுக்கினீர்கள் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது இதைவிட மோசம். பயிற்சியைச் சீட்டுப் போட்டுக் கொடுத்தோம், அறிவைச் சீட்டுப் போட்டுக் கொடுக்கவில்லையே! மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணிப் பக்கம் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது வேறு கதை. வந்த தண்ணீரை வடித்து வயலைக் காயப்போட அங்கே யாருக்குத் துணிச்சல் வரும்? சொந்த போர் இருப்பவருக்கு வரும். அவரே ஒற்றை நாற்று நடுவார். அதில் அக்கறை இருப்பதால் பயிற்சியையும் காது கொடுத்துக் கேட்டு மதிப்பெண் வாங்குவார். போர் அறிவையும் கூட்டுகிறது, கடைப்பிடிப்பையும் கூட்டுகிறது. அந்த 0.30-ல் அறிவின் பங்கு எவ்வளவு, போரின் பங்கு எவ்வளவு? பூட்ஸ்ட்ராப்புக்கு இது தெரியாது. தப்பான எண்ணையே 5000 தடவை சுத்தபத்தமாகத் திருப்பிச் சொல்லும். தண்ணீர் வசதியை அளந்து மாதிரியில் சேர்க்க வேண்டும். அளக்காத வேறொன்று எவ்வளவு வலுவாக இருந்தால் முடிவு கவிழும் என்ற உணர்திறன் சோதனையையும் தரவேண்டும். இமாய், கீல், யமமோட்டோ 2010-லேயே வழி சொல்லிவிட்டார்கள். R-ல் `medsens` சும்மாதான் கிடக்கிறது.

கடைசியாக அந்த 'முழு'. நேரடி விளைவு 0.25, இடைவெளி −0.20 முதல் 0.70 என்று வந்தால் பலர் 'முக்கியத்துவம் இல்லை, ஆகவே முழு மீடியேஷன்' என்கிறார்கள். 0.70 வரை இருக்கலாம் என்கிற எண்ணைப் பூஜ்யம் என்று எப்படிப் படிக்கிறீர்கள்? மாதிரி சிறிதாகச் சிறிதாக 'முழு' மீடியேஷன் கிடைப்பது சுலபமாகிறது என்பதே இந்த வழக்கத்தின் அபத்தம்.

"ரிவ்யூவர் கேட்பதில்லை, இடமும் இல்லை" என்பார்கள். இதோ, இவ்வளவுதான் இடம்:

"மறைமுக விளைவு 0.30 நடைமுறை (95% இடைவெளி −0.02 முதல் 0.72, பர்சன்டைல் முறை, 5000 மாதிரிகள், இரு பிரிவுக்குள்ளும் கிராமங்களை மறுமாதிரி எடுத்தோம்). a = 1.0, b = 0.30, நேரடி விளைவு 0.25 (−0.20 முதல் 0.70). அறிவும் கடைப்பிடிப்பும் ஒரே நேர்காணலில் அளக்கப்பட்டன. போர் வசதி அளக்கப்படவில்லை. 12 கிராமங்கள் மட்டுமே என்பதால் இடைவெளி இன்னும் அகலமாக இருக்கக்கூடும்."

நாலைந்து வாக்கியம். இதைப் படிக்கும் அதிகாரி 'பயிற்சிக்கே பணத்தைப் போடு' என்று உடனே கையெழுத்துப் போடமாட்டார். கடைமடையில் தண்ணீர் என்ன ஆச்சு என்று கேட்பார். சுப்ரபாதத்தைப் படித்தால் அந்தக் கேள்வியே வராது. அதுதான் என் கோபம்.

டிஸ்கி: 'நீ உன் ஆய்வேட்டில் என்ன செய்தாய்?' என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு: முதல் வரைவில் நானும் விவசாயிகளைத்தான் குலுக்கினேன். திருத்திக்கொண்டிருக்கிறேன்.