பாட்டிக்குச் சொல்லும் பொய்

விடுப்புக் கடிதத்தின் இறுதியில் 'தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்' என்று எழுதுகிறோம். வகுப்பில் ஓயாது குறும்பு செய்பவனும் அவ்வாறே எழுதுகிறான். அது பொய்யா? செருமானிய மெய்யியல் அறிஞர் இம்மானுவேல் காண்ட், 1797ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ஏறத்தாழ இதே வினாவை எழுப்பினார். கடித முடிவில் எழுதும் பணிவுச் சொல்லால் எவரும் ஏமாறுவதில்லை என்பது அவர் கருத்து.

ஆனால், பிறர் ஏமாறும்படி கூறும் பொய்யை அவர் சிறிதும் ஏற்கவில்லை. நம் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைக் கொல்ல வந்தவன் கேட்டாலும் பொய் கூறலாகாது என்றார். இது மிகக் கடுமையான கொள்கை. என்னால் இதை ஏற்க இயலவில்லை.

ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் விளைவைக் கொண்டு செயலை மதிப்பிட்டார். கொடியவனிடமிருந்து ஒருவரைக் காக்க உண்மையை மறைக்கலாம் என்பது அவர் கொள்கை. எனினும், வசதிக்காகக் கூறும் ஒவ்வொரு பொய்யும் மனிதர் சொல்லின் மீதுள்ள நம்பிக்கையைத் தளர்த்தும் என்று அவரும் எச்சரித்தார். திருக்குறளின் 292ஆம் குறளும் பொய்க்கு இடம் தருகிறது. ஆனால், அப்பொய் குற்றமற்ற நன்மையைத் தரவேண்டும்.

இனி, நம் வீடுகளில் நிகழக்கூடிய ஒன்றைப் பார்ப்போம். மதுரையிலுள்ள பாட்டி, போபாலில் வாழும் பேரனுக்கு முறுக்கு அனுப்புகிறார். சூடு ஆறுமுன்பே டப்பாவில் அடைத்ததால் அது வழியிலேயே நமுத்துவிட்டது. "எப்படி இருந்தது, கண்ணு?" என்று தொலைபேசியில் கேட்கிறார். "மிகவும் நன்றாக இருந்தது, பாட்டி" என்கிறான் பேரன்.

பாட்டி மகிழ்கிறார், எனவே நன்மைதானே என்று தோன்றும். ஆனால், கணக்கு அங்கே முடிவதில்லை. அடுத்த தீபாவளிக்கு அவர் மூட்டுவலியோடு அடுப்பின் முன் அமர்ந்து இருமடங்கு முறுக்குச் சுடுவார். மீண்டும் சூட்டோடு அடைப்பார். தவறு எங்கே என்று அறியும் வாய்ப்பை அந்தப் பொய் அவரிடமிருந்து பறித்துவிட்டது. ஆகவே, மில்லின் வழியில் கணக்கிட்டாலும் அது தேறாது.

திருமணப் பந்தலுக்குள் நுழையும் அக்காள், "சேலை எடுப்பாக இருக்கிறதா?" என்று கேட்பது வேறு. அப்போது சேலையை மாற்ற நேரமில்லை. "அழகாக இருக்கிறது" என்னும் விடையால் அவர் எதையும் இழப்பதில்லை. காண்ட் இதையும் மறுக்கக்கூடும்; நான் மறுக்கமாட்டேன். கேட்பவர் நம் விடையை நம்பி ஒரு செயலில் இறங்குவாரா என்பதே என் அளவுகோல்.

பொய் கூறாமை என்பது மனத்திலுள்ள அனைத்தையும் கொட்டிவிடுவதன்று. "பாட்டி, சுவை நம் வீட்டுச் சுவையேதான், வழியில் சற்று நமுத்துவிட்டது. அடுத்தமுறை நன்றாக ஆறவிட்டு அடையுங்கள்" என்று பேரன் கூறியிருக்கலாம். அடுத்த ஆண்டு கூறுவானாயின், "அப்படியானால் சென்ற ஆண்டு அனுப்பியது?" என்று பாட்டி கேட்பார். அதற்கு அவன் என்ன விடை கூறுவான்?