காயில் கட்டியதில் குறையா, போரில் தண்ணீர் குறையா?

கேள்வி: எங்கள் போர்வெல் மோட்டார் எரிந்து, காயில் கட்டி இறக்கி நான்கு மாதம்தான் ஆகிறது. மறுபடியும் எரிந்துவிட்டது. ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கிறது, அது ஒரு முறைகூட ட்ரிப் ஆகவில்லை. மெக்கானிக் தண்ணீர் இல்லாமல் ஓடியதுதான் காரணம் என்கிறார். நம்பலாமா?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பம்ப்செட் மெக்கானிக்குக்கும் தக்காளி விவசாயி ஒருவருக்கும் இதே வழக்கு வந்தது. நான்கு மாதத்தில் இரண்டாவது முறை மோட்டார் எரிந்ததும், "நீ மட்டமான கம்பி போட்டுவிட்டாய்" என்று விவசாயி கோபமாகச் சொல்லி அனுப்பினார். மெக்கானிக் நேரில் போய் வாதாடவில்லை. கழற்றிய பாகங்களை ஒரு சாக்குப் பையில் போட்டு, கூடவே ஒரு கடிதமும் எழுதி அனுப்பினார். வாசகரின் கேள்விக்கான பதில் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

"அண்ணா, பையில் இருக்கும் இம்பெல்லரை முதலில் பாருங்கள்" என்று கடிதம் தொடங்குகிறது. பிளாஸ்டிக் இம்பெல்லர்கள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கம்பி மட்டமாக இருந்து காயில் எரிந்திருந்தால் பம்ப் பகுதிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தண்ணீர் இல்லாமல் சுற்றினால்தான் இம்பெல்லர் உருகும். அடுத்து த்ரஸ்ட் பேரிங். மோட்டாருக்குள் இருக்கும் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய் மாதிரி. அந்தத் தண்ணீர் கொதித்து வற்றியதால் பேரிங் கருகி வெடித்திருந்தது. மூன்றாவது, காயில். ஒரு பேஸ் வராமல் எரிந்த மோட்டாரில் காயிலின் ஒரு பகுதி கருகியிருக்கும், மற்றது புதிதுபோல இருக்கும். இதிலோ கம்பியின் மேலுறை சுற்றிலும் ஒரே மாதிரி இளகி வழிந்திருந்தது. மோட்டார் முழுவதும் சூடேறியதற்கு அதுவே அடையாளம்.

ரிலே ஏன் காப்பாற்றவில்லை என்பதையும் அவர் விளக்கியிருக்கிறார். ஓவர்லோடு ரிலே, கரண்ட் கூடினால்தான் ட்ரிப் ஆகும். இந்த 7.5 ஹெச்.பி. மோட்டார் தண்ணீர் தூக்கும்போது 14 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் தூக்கப் பாரம் இல்லை, கரண்ட் 9 ஆம்பியருக்கு இறங்கிவிடும். ரிலேயின் கணக்கில் இது ரொம்ப நல்ல நிலைமை. மோட்டார் எரியும்வரை அது பேசாமல் இருக்கும். கரண்ட் குறைந்தால் நிறுத்துவதற்கென்று இருப்பது ட்ரை ரன் ப்ரிவென்டர். அது வேறு, ஓவர்லோடு ரிலே வேறு.

"கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வந்துகொண்டுதானே இருந்தது என்று கேட்டீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது அண்ணா" என்கிறார். சப்மெர்சிபிளில் மோட்டார் கீழே, பம்ப் மேலே. தண்ணீர் உள்ளே போகும் வாய் இரண்டுக்கும் நடுவில். இந்தப் பக்கத்துப் பாறையில் தண்ணீர் வருவது வெடிப்புகளின் வழியாக. அந்த வெடிப்பு பம்புக்கு மேலே இருந்தால், ஊறும் தண்ணீர் மேலிருந்து விழுந்து நேராக வாய்க்குள் போய்விடும். கீழே இருக்கும் மோட்டாரைத் தொட்டுக்கொண்டு ஓடாது. மோட்டாரைச் சுற்றித் தேங்கி நிற்கும் தண்ணீர் சூடேறிக்கொண்டே போகும். மேலே குழாயில் விட்டு விட்டுத் தண்ணீர் வரும், கீழே மோட்டார் வேகும்.

பிறகு கணக்கு. பம்ப் 880 அடியில் இருக்கிறது. மோட்டார் நின்று ஓய்ந்தபின் தண்ணீர் மட்டம் 600 அடி. ஆக, பம்புக்கு மேல் 280 அடி தண்ணீர். ஆறரை அங்குலப் போரில், குழாய் அடைக்கும் இடம் போக, ஓர் அடிக்குச் சுமார் 6 லிட்டர் நிற்கும். மொத்த இருப்பு 1,680 லிட்டர். மோட்டார் போட்டவுடன் 200 லிட்டர் டிரம் 2 நிமிடம் 40 விநாடியில் நிரம்பியது, அதாவது நிமிடத்துக்கு 75 லிட்டர். தண்ணீர் விட்டு விட்டு வரத் தொடங்கியபின் அதே டிரம் நிரம்ப ஆறே முக்கால் நிமிடம் ஆனது. போரில் ஊறுவது நிமிடத்துக்கு 30 லிட்டர்தான் என்பது அதில் தெரிந்தது. எடுப்பது 75, ஊறுவது 30. நிமிடத்துக்கு 45 லிட்டர் இருப்பிலிருந்து போகிறது. 37 நிமிடத்தில் இருப்பு தீர்ந்துவிடும்.

இரவில் மும்முனை மின்சாரம் வந்தால் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக மோட்டாரைப் போட்டுவிடும். அந்தத் தோட்டத்தில் மின்சாரம் இருப்பது 4 மணி நேரம். முதல் 37 நிமிடம் போக, மீதி மூன்றே கால் மணி நேரத்துக்கு மேல் மோட்டார் அரைகுறைத் தண்ணீரில் ஓடியிருக்கிறது. ஒவ்வோர் இரவும் இதுதான்.

ப்ரிவென்டர் இருந்ததே, அது என்ன ஆயிற்று? அரை மணிக்கு ஒரு தரம் நிறுத்துகிறது, காய்ப்பில் இருக்கும் தக்காளி வாடுகிறது என்று விவசாயி போன் செய்தபோது, அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுத்தது மெக்கானிக்கின் கடைப் பையன். மெக்கானிக் அதை மறைக்கவில்லை. "அது கெட்டுப்போகவில்லை, சரியாகத்தான் வேலை செய்தது. கழற்றியது எங்கள் தப்பு, கழற்றச் சொன்னது உங்கள் தப்பு. இந்த முறை கூலி வேண்டாம். கம்பி, இம்பெல்லர், பேரிங் விலை மட்டும் கொடுங்கள்" என்று எழுதியிருக்கிறார்.

இனி எப்படி ஓட்டுவது என்பதும் கடிதத்தில் உண்டு. ப்ரிவென்டரை 11 ஆம்பியரில் வைக்க வேண்டும், கரண்ட் அதற்குக் கீழே இறங்கினால் மோட்டார் நிற்கும். நின்றபின் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி போட வேண்டும். நிமிடத்துக்கு 30 லிட்டர் வீதம் 1,680 லிட்டர் ஊற 56 நிமிடம் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் மட்டம் ஏற ஏற ஊற்று மெதுவாகும், அதனால்தான் கூடுதல் நேரம். டைமரில் 30 நிமிடம் ஓட்டம், 90 நிமிடம் ஓய்வு என்று வைத்தால், 4 மணி நேரத்தில் இரண்டு ஓட்டம், சுமார் 4,500 லிட்டர். பகல், இரவு இரண்டு வேளையும் சேர்த்து 9,000 லிட்டர். அதைத் தொட்டியில் சேர்த்துச் சொட்டுநீரில் விட்டால் அரை ஏக்கர் தக்காளிக்குச் சரியாக இருக்கும். அவர் நட்டிருந்ததோ ஒன்றேகால் ஏக்கர்.

"இன்னும் ஆழமாக இறக்கினால் ஓட்டம் சில நிமிடம் கூடும் அண்ணா, ஊற்று கூடாது. அடுத்த முறை மோட்டார் வாங்கும்போது பெரியது வேண்டாம், நிமிடத்துக்கு 35 லிட்டர் தரும் பம்ப் பார்க்கலாம்" என்று கடிதம் முடிகிறது.

கேள்வி கேட்ட வாசகர் செய்ய வேண்டியது இதுதான். கழற்றிய இம்பெல்லரையும் பேரிங்கையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். அவை நன்றாக இருந்து காயிலின் ஒரு பகுதி மட்டும் கருகியிருந்தால், மின்சாரக் கோளாறையோ காயில் கட்டிய விதத்தையோ சந்தேகிக்கலாம். அவை உருகியும் கருகியும் இருந்தால் மெக்கானிக் சொல்வது உண்மை. மோட்டாரை இறக்கிய அன்றே டிரம் வைத்து, போட்டவுடன் ஒரு முறையும் தண்ணீர் விட்டு விட்டு வரத் தொடங்கியதும் ஒரு முறையும் அளந்து, ஆம்பியரோடு சேர்த்து ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவில் எழுதி வையுங்கள். இரண்டாவது அளவை எடுத்ததும் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். கோடையில் ஊற்று குறையும் என்பதால் மார்ச் மாதத்தில் இன்னொரு முறை அளந்து, டைமரை மாற்றி வைக்க வேண்டும்.