அப்பா பேர்ல இருக்கிற விளையில வீடு கட்ட பிஎஃப் பணம் எடுக்கலாமா?

நாகர்கோவில், தக்கலை பக்கத்துல இருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பலரோட கணக்கு இதுதான்: "நிலம் ஊர்ல இருக்கு, பிஎஃப்ல மூணு, நாலு லட்சம் கிடக்கு, அதை எடுத்து அஸ்திவாரம் போட்டுடலாம்." ஆனா அந்த நிலம் யார் பேர்ல இருக்கு?

பெரும்பாலும் அப்பா பேர்ல. இல்லன்னா தாத்தா காலத்துல இருந்து பாகம் பிரிக்காத விளை. பிஎஃப் திட்டத்தோட 68பி பத்தி, வீடு கட்டற மனை உங்க பேர்லயோ, மனைவி அல்லது கணவர் பேர்லயோ, ரெண்டு பேர் பேர்லயுமோ இருக்கணும்னு சொல்லுது. அப்பாவோட கூட்டுப் பட்டா, அண்ணன் தம்பியோட பொதுச் சொத்து எதுவும் இதுல சேராது.

ஆனா உறுப்பினர் போர்டல் பத்திரத்தைக் கேட்கிறதில்ல. Online Services போய், Claim (Form-31, 19, 10C & 10D) திறந்து, PF ADVANCE (FORM - 31) தேர்வு செஞ்சு, காரணத்துல வீடு கட்டறதைக் குறிச்சு, ஆதார் ஓடிபி போட்டா விண்ணப்பம் போயிடும். 2017ல இருந்து உங்க சுய உறுதிமொழியே போதும். "அப்போ யாரு பாக்கப் போறாங்க"ன்னு நண்பர் ஒருத்தர் சொல்லியிருப்பார். என் கருத்து, அந்த பேச்சைக் கேக்காதீங்க. பத்திரம் கேக்கலன்னா நிபந்தனை இல்லன்னு அர்த்தம் இல்ல. தவறான நோக்கத்துக்கு எடுத்ததா தெரிஞ்சா, அபராத வட்டியோட திரும்ப வசூலிக்கலாம், சம்பளத்துல பிடிக்கச் சொல்லலாம்னு அதே 68பி-யில இருக்கு.

ஒரு உதாரணக் கணக்கு. அடிப்படைச் சம்பளமும் டிஏவும் சேர்த்து 22,000 ரூபாய், ஆறு வருஷ சர்வீஸ். உங்க பங்கு மாசம் 2,640. கம்பெனி பங்குல 1,250 பென்ஷனுக்குப் போக மீதி 1,390. ஆறு வருஷத்துல வட்டியோட மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல சேரும். 68பி-படி 36 மாசச் சம்பளம், அதாவது 7,92,000, கணக்குல இருக்கிற தொகை, கட்டுமானச் செலவு. இந்த மூணுல எது குறைவோ அதுதான் கிடைக்கும். அஞ்சு வருஷ உறுப்பினர் காலமும் வேணும். பழைய கம்பெனி கணக்கை மாத்தாம விட்டிருந்தா அந்த வருஷங்கள் இதுல வராம போகலாம். 2025 அக்டோபர் 13ல மத்திய அறங்காவலர் குழு, 12 மாச சர்வீஸ் போதும், ஆனா 25 சதவீதம் இருப்பா நிக்கணும்னு முடிவெடுத்திருக்கு. விண்ணப்பிக்கிற அன்னைக்கு போர்டல் எந்த விதியைக் காட்டுதுன்னு பாத்துக்கங்க.

ஆக, கைக்கு வரப்போறது மூணு, மூன்றரை லட்சம். இதுக்காக அப்பா நிலத்தை எழுதித் தரணுமா? இங்கதான் யோசிக்கணும். குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரையும் பதிவும் ஒவ்வொண்ணும் 1 சதவீதம், உச்சவரம்பும் உண்டு. செலவு பெரிசில்ல. ஆனா ஒருதடவை எழுதிட்டா சாதாரணமா திரும்பப் பெற முடியாது. தங்கச்சிக்கு என்ன வரும்னு பேசாம எழுதின பத்திரம் பின்னாடி கோர்ட்டுல வந்து நிக்கும். அப்பாவுக்குத் தயக்கம் இருந்தா பிஎஃப் பணத்தையே விட்டுடுங்க, வட்டியோட வளரட்டும். சம்மதம்னா மொத்த விளையையும் வாங்காதீங்க. வீடு வர்ற அஞ்சு சென்டை மட்டும் எழுதி வாங்கி, உட்பிரிவு செஞ்சு தனிப் பட்டா போடுங்க. நேரம் பிடிக்கிறது இந்த சர்வேயர் வேலைதான். பாகம் பிரிக்காத சொத்துன்னா பாகப் பிரிவினைப் பத்திரம் முதல்ல. பட்டாவுல நஞ்சைன்னு இருந்தா அதைத் தீர்க்காம பிளான் அனுமதிக்கே போகாதீங்க; நம்ம ஊர்ல வயலை நிரப்பி மாட்டிக்கிட்டவங்க நிறைய.

உங்க கம்பெனி தனி பிஎஃப் டிரஸ்ட் நடத்துதுன்னா காகிதமும் கேக்கலாம். கடிதம் சின்னதா இருக்கட்டும்:

"எனக்குச் சொந்தமான, கல்குளம் வட்டம், [கிராமம்], சர்வே எண் [ ] மனையில் குடியிருப்பு வீடு கட்டுவதற்காக, எனது பிஎஃப் கணக்கிலிருந்து ரூ.3,00,000 முன்பணம் வழங்கக் கோருகிறேன். மதிப்பீட்டின்படி மொத்தச் செலவு ரூ.22,00,000. இணைப்பு: செட்டில்மென்ட் பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், அனுமதி பெற்ற வரைபடம், பொறியாளரின் மதிப்பீடு."

போர்டல் வழியா விண்ணப்பிச்சாலும் இதே அஞ்சு காகிதத்தையும் ஒரு ஃபைல்ல வச்சிருங்க. மனை 2,500 சதுர அடிக்குள்ள, கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளன்னா வரைபட அனுமதியை 2024ல வந்த சுயசான்று முறையில onlineppa.tn.gov.in தளத்துல வாங்கலாம்.

அனுமதி வந்த பிறகே விண்ணப்பம் போடுங்க. பணம் எடுத்து ஆறு மாசத்துக்குள்ள வேலை ஆரம்பிக்கணும்னு 68பி சொல்லுது. ஜூன் மழையும் ஐப்பசி மழையும் ரெண்டும் கொட்டற மாவட்டத்துல ஆறு மாசம் சீக்கிரமா ஓடிடும்.