நேரே வந்ததாம் தேயிலை: ஒரு விளம்பரம் வெட்டியெறிந்த மன்னார்

குறியியல் படிக்கிற எல்லாருடைய கொப்பியிலும் ஒரு அட்டவணை இருக்கும். மூன்று நிரல். நேர்ப்பொருள், குறிப்புப்பொருள், தொன்மம். விளம்பரம் ஒன்றைத் தந்தால் நாங்களும் மளமளவென்று நிரப்புவோம். பச்சை இலை என்றால் இயற்கை, பெண்ணின் சிரிப்பு என்றால் மகிழ்ச்சி, கடைசி நிரலில் 'முதலாளித்துவம்' அல்லது 'ஆணாதிக்கம்'. முடிஞ்சுது. புள்ளியும் வரும்.

எங்கள் சண்டை இந்த அட்டவணையோடுதான். ரோலன்ட் பார்த் 1957இல் 'தொன்மங்கள்' நூலை வெளியிட்டார். 1971இல் அவரே அதைத் திரும்பிப் பார்த்து, தொன்மத்தைத் தோலுரிக்கிற வேலையே இப்போது ஒரு வாய்ப்பாடாகிவிட்டது, எந்த மாணவரும் அதைச் செய்துவிடுகிறார் என்ற பொருளில் எழுதினார். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் நாங்கள் அந்த வாய்ப்பாட்டைத்தான் ஒப்புவிக்கிறோம். கடைசி நிரலில் ஒரு பெரிய சொல்லை எழுதியதும் எங்களுக்கு நிம்மதி. எது மறைக்கப்பட்டது, எங்கே மறைக்கப்பட்டது என்று தேடிப் போவதில்லை.

ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்து பார்ப்போம். 1890களில் பிரித்தானியப் பத்திரிகைகளில் பல வடிவங்களில் வந்த லிப்டன் தேயிலை விளம்பரம். படம் வடிவத்துக்கு வடிவம் மாறும். சொற்கள் பெரிதாக மாறாது. மேலே லிப்டனின் பெயர், அதோடு 'இலங்கையில் தேயிலை, கோப்பி, கொக்கோ பிளாண்டர்' என்ற பட்டம். நடுவில் 'டிரெக்ட் ஃப்ரம் த டீ கார்டன்ஸ் டு த டீ பொட்' என்ற வாசகம், அதாவது தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு. தம்பத்தன்னை முதலான அவருடைய எஸ்டேட்டுகளின் பட்டியல். விலை: உலகத்தின் அதிசிறந்த தேயிலை, இறாத்தல் ஒரு சிலிங் ஏழு பென்ஸ், அதற்கு மேல் விலையே இல்லை. இந்தச் சொற்களோடு தேயிலைக்காட்டுப் பெண்ணின் படம்.

முதல் படி நேர்ப்பொருள். இங்கேயே பலர் வழுக்குவார்கள். 'அழகான பெண்', 'செழிப்பான தோட்டம்' என்று எழுதுவார்கள். அழகும் செழிப்பும் நேர்ப்பொருள் இல்லை. அவை எங்கள் தீர்ப்பு. சேலை உடுத்த பெண், இலை, எழுத்து, எண் என்பதோடு நிற்கவேண்டும். இன்னொன்றும் கவனிக்கவேணும். இது வரைந்து செதுக்கிய படம், போட்டோ இல்லை. பார்த் 1964இல் பன்சானி பாஸ்தா விளம்பரத்தை ஆராய்ந்தபோது இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னார்: போட்டோவில் பொருள் அப்படியே பதிந்ததுபோல் இருக்கும், வரைபடத்தில் எதைக் கீறுவது, எதை விடுவது என்று ஒரு கை ஏற்கெனவே முடிவெடுத்திருக்கும். ஆகவே இந்த விளம்பரத்தில் அப்பாவியான முதல் தளம் ஒன்று இல்லை. விட்டுவிடுவது நேர்ப்பொருளிலேயே தொடங்கிவிட்டது.

இரண்டாவது படி குறிப்புப்பொருள். இதில் மனம்போன போக்கில் எழுதுவதைத் தடுக்க ஒரு சோதனை உண்டு. ஒரு சொல்லையோ உருவையோ மாற்றிப் போடுங்கள். பொருள் மாறினால் அந்தக் குறி வேலை செய்கிறது. மாறாவிட்டால் நாங்கள்தான் கற்பனை செய்கிறோம். 'கார்டன்ஸ்' என்ற இடத்தில் 'பிளாண்டேஷன்ஸ்' என்று போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து ஏறக்குறைய முப்பது வருஷமே ஆன காலத்தில், பிளாண்டேஷன் என்றால் லண்டன் வாசகரின் மனதில் சவுக்கும் வரலாம். கார்டன் என்றால் வீட்டுக்குப் பின்னால் பூமரம், ஞாயிற்றுக்கிழமை மாலை. அதே விளம்பரத்தில் சொத்தைக் கணக்குக் காட்டும்போது மட்டும் 'எஸ்டேட்' வந்துவிடுகிறது. குடிக்கிறவருக்குக் கார்டன், உடைமை சொல்லும்போது எஸ்டேட்.

தமிழில் படிக்கிற எங்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. எங்களுக்கு இரண்டும் 'தோட்டம்'தான். கத்தரிக்காய் நட்டதும் தோட்டம், ஆயிரம் ஏக்கர் தேயிலையும் தோட்டம். 'தோட்டம் என்றால் இயற்கை' என்று தமிழில் அட்டவணை நிரப்புகிறவர் ஆங்கில வாசகத்தின் தந்திரத்தைத் தவறவிட்டுவிடுவார். குறிப்புப்பொருள் மொழிக்கு மொழி மாறும். யாருடைய காதுக்கு எழுதிய வாசகம் என்று கேட்காமல் அதைச் சொல்ல முடியாது.

அடுத்த சொல் 'டிரெக்ட்'. வியாபாரப் பேச்சில் இதற்கு அடக்கமான அர்த்தம்தான்: இடைத்தரகர் இல்லை, அதனால் விலை மலிவு. லிப்டன் 1890இல்தான் இலங்கையில் எஸ்டேட்டுகளை வாங்கினார். கோப்பியை இலைநோய் அழித்த பிறகு நிலம் மலிந்து கிடந்த காலம். 'நானே நட்டு நானே விற்கிறேன்' என்று சொல்ல அந்தக் கொள்வனவு உதவியது. நட்டது யாருடைய கை என்பது 'பிளாண்டர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் காணாமல் போகிறது.

இப்போது தொன்மம். தொன்மம் என்பது குறிப்புப்பொருட்களின் பெரிய கூட்டுத்தொகை என்று நினைப்பதுதான் அட்டவணையின் பெரிய பிழை. பார்த் சொன்ன பொறி வேறு. முதல் தளத்தில் முழுமையான ஒரு குறி இருக்கிறது. தொன்மம் அந்த முழுக் குறியையும் வெறும் கோதாக எடுத்து, உள்ளே இருந்த வரலாற்றை வடித்துவிட்டு, வேறொரு கருத்தை ஊற்றுகிறது. வரலாறாக நடந்தது இயற்கையாகத் தோன்றும். அதனால் தொன்மத்தைக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல, வடித்துவிடப்பட்ட வரலாறு என்னவென்று காட்டவேணும். காட்டாவிட்டால் கடைசி நிரல் வெறும் சுலோகம்.

இந்தப் படத்தில் வடிக்கப்பட்டது என்ன? அதற்கு ஆவணக்காப்பகத்தைத் தேடி அலையத் தேவையில்லை. மன்னார்க் கரைக்கு வந்தால் போதும்.

அந்தப் பெண்ணோ அவளுடைய தாயோ பாட்டியோ தென்னிந்தியக் கிராமம் ஒன்றிலிருந்து கங்காணியோடு புறப்பட்டார்கள். இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி, தலைமன்னார்ப் பக்கமோ அரிப்புப் பக்கமோ இறங்கினார்கள். பிறகு நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டுக்குள்ளால் மாத்தளை வரைக்கும், ஏறக்குறைய 150 மைல். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் அநேகம். லிப்டன் எஸ்டேட் வாங்கிய காலத்திலும் இந்த வடபாதை திறந்துதான் இருந்தது. கொள்ளைநோய்ப் பயத்தில் 1890களின் கடைசியில்தான் அதை மூடினார்கள். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் வந்தபோது ஆட்கள் மறுபடி எங்கள் கரையால் வந்தார்கள்.

தேயிலை நேரே போனது. பறித்தவள் நேரே வரவில்லை. 'டிரெக்ட்' என்ற சொல் வெட்டியெறிந்தது தரகரை மட்டுமில்லை, இந்த வழியையும்தான்.

அதே காலத்தில் புழங்கிய இன்னொரு கடதாசியை விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'துண்டு' என்பார்கள். கங்காணியின் ஆட்கள் இவ்வளவு கடன் பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் அவர்களை விடுவோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. பயணச் செலவே ஆளின் தலையில் கடனாக ஏறி, தோட்டம் விட்டுத் தோட்டம் போகும்போது துண்டோடு பின்னால் வரும். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. ஒரு கடதாசியில் அவள் படம், மற்றதில் அவள் தொகை. படம் லண்டனில் அச்சானது, தொகை மலையில் எழுதப்பட்டது. இரண்டையும் சேர்த்து வாசிக்கிறவருக்குத்தான் படத்தில் என்ன இல்லை என்று தெரியும்.

'அது 130 வருஷத்துக்கு முந்தின கதை, இப்ப என்னத்துக்கு?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பதில் 1948இல் இருக்கிறது. அந்த வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகையாகப் பங்கு பிரித்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ரயிலில் வந்து கப்பல் ஏறியது தலைமன்னார் இறங்குதுறையில்.

இங்கே இரண்டு தொன்மங்கள் மோதுவதுபோல் தெரியும். விளம்பரம் சொல்கிறது: இவள் தேயிலைச் செடிபோல அங்கேயே முளைத்தவள். சட்டம் சொல்கிறது: இவள் நேற்று வந்தவள், போகவேண்டியவள். ஒன்று எப்போதும் இருந்தவள் என்கிறது, மற்றது ஒருபோதும் சேராதவள் என்கிறது. ஆனால் இரண்டும் மறைப்பது ஒரே விஷயத்தை. அவளைக் கூட்டிவந்தார்கள், அவள் நடந்தாள், காட்டை வெட்டினாள், செத்தவர்களை வழியில் விட்டுவிட்டு மேலே ஏறினாள். அந்த வழி கண்ணுக்குத் தெரிந்தால் விளம்பரமும் நிற்காது, சட்டமும் நிற்காது.

இதில் எங்கள் ஊருக்கும் பங்கு இருக்கிறது. மன்னார் என்றால் கழுதை, பெருக்குமரம், கோட்டை, கருவாடு, இப்போது காற்றாலை. நாங்களே எங்களைப் பற்றிப் போடுகிற போஸ்டர்களில் இந்தப் பாதை வராது. 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி புறப்பட்டது. மலையகம் 200ஐ நினைத்து, பழைய பாதையிலேயே ஓகஸ்ட் 12 வரை நடந்தார்கள். நாங்கள் படித்த எந்தக் கட்டுரையையும்விட அது நல்ல குறியியல் வாசிப்பு. விளம்பரம் வடித்துவிட்டதை மைல் மைலாக மறுபடி ஊற்றினார்கள்.

ஒரு எல்லையையும் ஒப்புக்கொள்வோம். லண்டனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தவர் உண்மையில் என்ன நினைத்தார் என்று குறியியல் சொல்லாது. சிலர் விலையை மட்டும் பார்த்திருப்பார்கள். படம் எந்த வாசிப்புக்கு வழிவிடுகிறது, எதை அடைக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். மிச்சத்துக்கு வரலாறு வேணும்.

ஆகவே அந்த மூன்று நிரல் அட்டவணையில் நான்காவது நிரல் ஒன்றைக் கீறுங்கள். தொன்மம் வடித்துவிட்டது என்ன: இடம், ஆண்டு, ஆள். அது வெறுமையாக இருக்கும்வரை மூன்றாம் நிரலில் பெரிய சொல் எதையும் எழுதவேண்டாம். இன்றைக்கும் தேயிலைப் பெட்டிகளில் கூடையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கடையில் அதைக் கையில் எடுத்தால், அவளுக்குப் பின்னால் கீறாமல் விட்ட கடலையும் கொஞ்சம் தேடிப் பாருங்கள். அது எங்கள் கடல்.