ஒரு டின் போதுமா?

பாலிக் புலாவ் வீட்டில் அறைக்குச் சாயம் பூச, 5 லிட்டர் டின் ஒன்று வாங்கினேன். நீண்ட சுவர் ஒன்றுக்கு இரண்டாவது பூச்சு பாக்கியிருக்கும்போதே டின் காலி! அடுத்து கலந்து வாங்கிய டின்னில் நிறம் ஒரு சாயல் கூடுதல்.

தவறு என் கணக்கில்தான். அறை 4க்கு 3 மீட்டர், உயரம் 3 மீட்டர். சுற்றளவு 14, உயரத்தால் பெருக்கினால் 42 சதுர மீட்டர். கதவு, ஜன்னலுக்கு 6 கழித்தால் 36. இரண்டு பூச்சுக்கு 72. டின்னில் ஒரு லிட்டருக்கு 12 சதுர மீட்டர் என்றிருந்தது. ஆக, 6 லிட்டர் வேண்டும். அந்த அளவும் வழுவழுப்பான சுவருக்குத்தான். சொரசொரப்பான சுவர் அதிகம் குடிக்கும். 7 லிட்டராக ஒரே நேரத்தில் கலந்து வாங்கியிருக்க வேண்டும்.

மலிவு ரகம் லாபமா? லிட்டர் 13 ரிங்கிட், 9 சதுர மீட்டர்தான் பரவும், மூன்று பூச்சு தேவை என்று வையுங்கள்: 12 லிட்டர், 156 ரிங்கிட். லிட்டர் 25 ரிங்கிட் என்றாலும், இரண்டே பூச்சில் மூடும் நல்ல ரகத்துக்கு 6 லிட்டர், 150 ரிங்கிட். கூலியிலும் ஒரு பூச்சு மிச்சம்.

டின் விலையைப் பார்க்காதீர்கள். சுவர் முடியும் விலையைப் பாருங்கள். சுவரில் ஈரம் கசிந்தால் மட்டும் முதலில் கசிவை அடையுங்கள். எந்த ரகமும் அதன்மேல் உரிந்துவிடும்.